முதல் ப்ளாக் போஸ்டுக்குத் தலைப்பு வைக்கிறதுக்கு முன்னாடி கீவேர்ட் எடுக்கிறது எப்படி: மலைப்பூண்டை வச்சு ஒரு முழு உதாரணம்

எங்க வீடு கொடைக்கானலுக்கு மேல பூம்பாறைப் பக்கம், அப்பா பூண்டு போடுறவரு, சித்தி ரோட்டோரம் சின்னதா கடை வச்சு அதையே விக்கிறாங்க. போன வருஷம் நான் ப்ளாக் ஆரம்பிச்சு முதல் போஸ்டா எங்க பூண்டைப் பத்தித்தான் எழுதுனேன், தலைப்பு "மலைமகள் தந்த வெள்ளை முத்துக்கள்". மூணு நாள் உக்காந்து எழுதுனது. ஒன்றரை மாசம் கழிச்சுப் பாத்தா வாட்ஸ்அப்ல நான் லிங்க் அனுப்புன சொந்தக்காரங்க தவிர கூகுள்ல தேடி ஒருத்தர்கூட வரல. உள்ள இருந்த விஷயம் சரியாத்தான் இருந்துச்சு, ஆனா அந்தத் தலைப்புல "பூண்டு"ங்கிற சொல்லே இல்ல, யாரு எதைத் தேடி அங்க வருவாங்க?

கூகுள்ல ஆளுங்க தட்டித் தேடுற சொல்லைத்தான் கீவேர்ட்ங்கிறாங்க. அதுக்கப்புறம் ஒருத்தர்கிட்ட 1,500 ரூபாய் கொடுத்து கீவேர்ட் லிஸ்ட் வாங்குனேன், முந்நூறு இங்கிலீஷ் சொல் வந்துச்சு, அதுல ஒண்ணுகூட நம்ம ஊர்ல யாரும் தட்டுற மாதிரி இல்ல. கடைசியில நானா தட்டுத்தடுமாறி ஒரு வழி கண்டுபிடிச்சேன். அதைத்தான் இங்க வரிசையா எழுதுறேன், நீங்க அந்தப் பணத்தையும் அந்த ஒன்றரை மாசத்தையும் விட வேண்டாம்.

1. கையில என்ன வேணும், செலவு எவ்வளவு, நேரம் எவ்வளவு

ஒரு ஜிமெயில் அக்கவுண்ட், ஒரு நோட்டு, பேனா. போன்லயே பெரும்பாலும் முடிச்சிடலாம், பின்னாடி வர்ற கீவேர்ட் பிளானர்ங்கிற கூகுள் டூலை மட்டும் கம்ப்யூட்டர்ல பாத்தா நல்லது, போன்ல டேபிள் சரியாத் தெரியாது. செலவு சுத்தமா இல்ல. மாசக் கட்டணம் கட்டுற டூல் நிறைய இருக்கு, முதல் பத்து இருபது போஸ்டுக்கு அது எதுவும் தேவைப்படாது, தமிழ்ச் சொல்லுக்கு அதுல பலதுல டேட்டாவே சரியா இருக்கிறதில்ல.

நேரம், முதல் தடவை மூணு மணி நேரம் ஆகும். ஒரே மூச்சுல பண்ணாதீங்க, ரெண்டு சாயங்காலமாப் பிரிச்சுக்கோங்க, முதல் நாள் சொல் சேக்குறது, மறுநாள் கழிக்கிறது. எங்க பக்கம் மழை பெஞ்சா டவர் போயிரும், அதனால நான் தேடுனதையெல்லாம் நோட்டுல எழுதி வச்சுத்தான் வேலை பாத்தேன், இப்பவும் அப்படித்தான்.

2. எந்த டூலையும் திறக்கிறதுக்கு முன்னாடி, கேக்குறவங்க வாயில வர்ற வார்த்தையை எழுதுங்க

நான் பண்ண பெரிய தப்பு, நான் எழுத நினைச்சதுல இருந்து ஆரம்பிச்சது. கேக்குறவங்க பக்கமிருந்து ஆரம்பிக்கணும். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க சித்தி கடையில உக்காந்து, வர்றவங்க என்ன கேக்குறாங்கன்னு அப்படியே அவங்க சொல்லுலயே எழுதுனேன்.

மதுரையில இருந்து வந்த ஒரு அக்கா கேட்டாங்க, "ஏங்க, இது மலைப்பூண்டுதானா, இல்ல கீழ இருந்து ஏத்திட்டு வந்து விக்கிறீங்களா?" இன்னொருத்தர், "இதுக்கும் வடநாட்டுப் பூண்டுக்கும் என்ன வித்தியாசம்?" ஒரு பெரியவர், "ஒரு பல் பூண்டு இருக்கா?" நாலு பேராவது, "கிலோ என்ன விலை, ஏன் இவ்ளோ ஜாஸ்தி?" ஒரு பொண்ணு, "ஊருக்குக் கொண்டு போனா எத்தனை நாள் கெடாம இருக்கும்?"

இதுல எங்க வீட்டுச் சொல்லு ஒண்ணுகூட இல்லங்கிறதைக் கவனிங்க. நாங்க "பூடு"ன்னுதான் சொல்லுவோம், கீழ தேனிப் பக்கமும் "வெள்ளைப்பூடு"தான் பேச்சு. ஆனா வர்றவங்க பாதிக்கு மேல "பூண்டு"ங்கிறாங்க, அதுலயும் "மலைப்பூண்டு"ன்னு சேத்துச் சொல்றாங்க, ஏன்னா அவங்களுக்கு மத்த பூண்டுல இருந்து இதைப் பிரிச்சுக் காட்டணும், எங்களுக்கு அந்தத் தேவையே கிடையாது. நீங்க எதைப் பத்தி எழுதுனாலும் இந்த இடைவெளி இருக்கும், அந்தத் துறையில இருக்கிறவங்க சொல்லும் வெளியில இருந்து தேடுறவங்க சொல்லும் ஒண்ணா இருக்கிறது அபூர்வம்.

கடை இல்லாதவங்க என்ன பண்றது? உங்ககிட்ட அந்த விஷயத்தைப் பத்திக் கேட்ட நாலு பேரோட வாட்ஸ்அப் மெசேஜைத் திரும்பப் படிங்க, வாய்ஸ் நோட்டா இருந்தா கேட்டு எழுதுங்க. பத்துக் கேள்வி போதும்.

3. சர்ச் பாக்ஸ்ல எழுத்தெழுத்தா தட்டிப் பாருங்க

இப்ப கூகுளைத் திறங்க, இன்காக்னிட்டோல திறங்க, இல்லைன்னா நீங்க ஏற்கனவே தேடுனதையே உங்களுக்குத் திரும்பக் காட்டும். "மலை பூண்டு"ன்னு தட்டி ஒரு ஸ்பேஸ் விடுங்க, என்டர் அமுக்காதீங்க. கீழ ஒரு லிஸ்ட் இறங்கும், அதை அப்படியே நோட்டுல எழுதுங்க. அடுத்து அதே சொல்லுக்குப் பின்னாடி "வி" தட்டுங்க, அழிச்சுட்டு "ப" தட்டுங்க, "எ" தட்டுங்க, இப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் வேற வேற லிஸ்ட் வரும். அப்புறம் கர்சரை சொல்லுக்கு முன்னாடி கொண்டு போய் வச்சு அங்க "ஒரிஜினல்", "கொடைக்கானல்" இதெல்லாம் தட்டிப் பாருங்க. ஒரு தடவை என்டர் அமுக்கி, ரிசல்ட் நடுவுல வர்ற `People also ask` கேள்விகளையும் பக்கத்தோட அடியில வர்ற தொடர்புடைய தேடல்களையும் சேத்துக்கோங்க.

இங்க ஒரு ஏமாத்தம் இருக்கு, நான் ஒரு நாள் முழுக்க இதுல மாட்டுனேன். போன்ல தமிழ்ல தட்டும்போது கீபோர்டுக்கு மேல ஒரு வரிசையில சொற்கள் வருமில்ல, அது கூகுள்ல மத்தவங்க தேடுனது கிடையாது. அது உங்க கீபோர்டு, நீங்க வழக்கமாத் தட்டுறதை வச்சு யூகிக்கிறது. நான் அதைப் பாத்து "ஆஹா எல்லாரும் இதைத்தான் தேடுறாங்க"ன்னு எழுதி வச்சிருந்தேன், பாத்தா எல்லாம் நான் அப்பாவுக்கு அனுப்புன மெசேஜ்ல இருந்த சொல்லு. சர்ச் பாக்ஸுக்குக் கீழ இறங்குற லிஸ்ட் மட்டும்தான் கணக்கு.

அதே தேடலை இங்கிலீஷ் எழுத்துலயும் கட்டாயம் பண்ணுங்க: `malai poondu`, `kodaikanal poondu`, `kodaikanal garlic`. தமிழ்ல பேசுறவங்க நிறையப் பேரு தட்டுறது இங்கிலீஷ் எழுத்துலதான், தமிழ் கீபோர்டே போன்ல போட்டிருக்க மாட்டாங்க. இதை விட்டீங்கன்னா பாதிச் சந்தையை விட்ட மாதிரி.

இந்த நேரத்துல உங்க நோட்டுல இருபது முப்பது சொல் சேந்திருக்கும். முதல் சாயங்காலம் இதோட மூடிருங்க.

4. எழுத்துக்கூட்டலை முடிவு பண்ணுங்க

இங்கிலீஷ்ல கீவேர்ட் சொல்லித் தர்றவங்க யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு இந்தப் பிரச்சினை இந்த அளவுக்குக் கிடையாது. நமக்கு ஒரே பொருளை எத்தனை விதமா எழுதுறோம் பாருங்க: மலைப்பூண்டு, மலை பூண்டு, மலைபூண்டு, மலைப் பூண்டு, மலைப்பூடு. இலக்கணப்படி ப் போட்டுச் சேத்து எழுதுறது சரி. ஆனா போன்ல அவசரமாத் தேடுறவங்க ஸ்பேஸ் விட்டு ப் இல்லாமத்தான் தட்டுறாங்க. கூகுள் இதையெல்லாம் ஓரளவுக்கு ஒண்ணாப் புரிஞ்சுக்கும், முழுசா இல்ல, நான் "மலைப்பூண்டு"ன்னும் "மலை பூண்டு"ன்னும் தனித்தனியாத் தேடுனப்ப வந்த பக்கங்களும் வரிசையும் வேற வேறயா இருந்துச்சு.

எது அதிகம்னு பாக்க கூகுள் ட்ரெண்ட்ஸ் போங்க, `trends.google.com`, இலவசம், லாகின்கூட வேண்டாம். இடத்தை இந்தியான்னு வச்சு அதுக்குள்ள தமிழ்நாடுன்னு குறுக்குங்க, காலம் கடைசி 12 மாசம். ஒரே நேரத்துல அஞ்சு சொல் வரைக்கும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடலாம். நான் போட்டது இது:

```
மலைப்பூண்டு
மலை பூண்டு
malai poondu
kodaikanal garlic
```

சொல்லைத் தட்டும்போது கீழ ரெண்டு விதமா வரும், ஒண்ணு `Search term`, இன்னொண்ணு `Topic`. நமக்கு எழுத்துக்கூட்டலை ஒப்பிடணும், அதனால எல்லாத்துக்கும் `Search term`தான் எடுக்கணும். அதுல எழுத்துப் பிழை, வேற எழுத்துக்கூட்டல் எதையும் சேத்து எண்ண மாட்டாங்க, நீங்க தட்டுன அந்தச் சொல் மட்டும்தான். ஒண்ணு டாபிக், இன்னொண்ணு டெர்ம்னு கலந்துட்டா கோடு தப்பாத் தெரியும்.

ட்ரெண்ட்ஸ்ல வர்ற நம்பரை எல்லாரும் தப்பாப் படிக்கிறாங்க. 100ன்னு காட்டுனா நூறு பேர் தேடுனாங்கன்னு அர்த்தம் இல்ல. அந்த சார்ட்டுல அந்தக் காலத்துல எது உச்சமோ அதுக்கு 100 கொடுத்து மத்ததை அதோட ஒப்பிட்டுக் காட்டுது, அவ்வளவுதான். ரெண்டு சொல்லுல எது மேல போகுதுன்னு பாக்க மட்டும் வச்சுக்கோங்க. சின்ன ஊர்ச் சொல்லுக்குப் பல நேரம் டேட்டா பத்தலன்னு வெறும் பக்கம்தான் வரும், எனக்கு நாலுல ரெண்டுக்கு அப்படித்தான் வந்துச்சு. பயப்பட வேணாம், யாருமே தேடலைன்னு ஆகாது, சார்ட் போடுற அளவுக்கு இல்ல, அவ்வளவுதான். அப்போ தமிழ்நாட்டை எடுத்துட்டு இந்தியா முழுசுக்கும் வச்சு, காலத்தை 5 வருஷமா நீட்டிப் பாருங்க.

நான் எடுத்த முடிவு: தலைப்புல "மலைப்பூண்டு"ன்னு சரியான தமிழ்ல எழுதுறது, உள்ள ஒரு எடத்துல "மலை பூண்டு"ன்னு தேடி வந்தவங்களுக்கும் பொருந்துற மாதிரி இயல்பா ஒரு வரி, இங்கிலீஷ் எழுத்து வடிவத்தை போஸ்ட்டோட முகவரியில, அதாவது லிங்க்ல. தப்பான எழுத்துக்கூட்டலை அதிகம் பேர் தேடுறாங்கன்னு தலைப்பையே தப்பா எழுதுறதுல எனக்கு உடன்பாடு இல்ல, படிக்கிறவங்களுக்கு முதல் வரியிலேயே நம்ம மேல நம்பிக்கை போயிரும்.

5. கீவேர்ட் பிளானர்: நம்பருக்காக ஒரு பத்து நிமிஷம்

இது கூகுள் ஆட்ஸுக்குள்ள இருக்கிற டூல், விளம்பரம் போடுறவங்களுக்காகச் செஞ்சது, நாம சும்மா எட்டிப் பாக்கிறோம். அக்கவுண்ட் திறக்கும்போது விளம்பரம் ஒண்ணை ஆரம்பிக்கச் சொல்லி ஒவ்வொரு பக்கமா கொண்டு போகும். அங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும், விளம்பரம் இல்லாம அக்கவுண்ட் மட்டும் திறக்கிறதுக்குப் பெரும்பாலும் ஒரு சின்ன லிங்க் ஓரமா இருக்கும், அதைத் தேடி எடுங்க. அந்தப் பக்கங்களோட அமைப்பு அடிக்கடி மாறுது, ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, தினசரி பட்ஜெட் எவ்வளவுன்னு கேட்டா நீங்க தப்பான வழியில போயிட்டீங்க, பின்னாடி வாங்க. தெரியாம விளம்பரம் ஓட ஆரம்பிச்சா கார்டுல இருந்து பணம் போகும்.

உள்ள போனதும் டூல்ஸ்ல பிளானரை எடுத்து `Discover new keywords` அமுக்கி நாலஞ்சு சொல் போடுங்க. இடம் தமிழ்நாடு. மொழியை "தமிழ்"னு மட்டும் வச்சுப் பாத்துட்டு விட்டுராதீங்க, எல்லா மொழியும்னு ஒரு தடவை வச்சுப் பாருங்க, ஏன்னா போனை இங்கிலீஷ்ல வச்சுக்கிட்டே தமிழ்ல தேடுறவங்கதான் நம்மாளுங்க.

`Avg. monthly searches`னு ஒரு கட்டம் வரும். விளம்பரத்துக்குச் செலவு பண்ணாதவங்களுக்கு அதுல துல்லியமான நம்பர் கிடைக்காது, `10 – 100`, `100 – 1K` இப்படிப் பரந்த அளவாத்தான் காட்டும். நமக்கு இதுவே போதும், எந்தச் சொல் எந்தப் படியில நிக்குதுன்னு தெரிஞ்சா சரி. பக்கத்துலயே `Competition`னு ஒரு கட்டம் இருக்கும், `Low`, `Medium`, `High`. இதைப் பாத்து "லோ போட்டிருக்கு, ஈசியா மேல வந்துரலாம்"னு நினைக்காத புது ஆளே கிடையாது, நானும் நினைச்சேன். அது விளம்பரம் போடுறவங்களுக்குள்ள இருக்கிற போட்டி. "மலைப்பூண்டு பயன்கள்"னு ஒரு சொல்லுக்கு யாரும் விளம்பரம் போடாம இருக்கலாம், ஆனா அதைப் பத்தி எழுதி வச்ச பக்கம் மலையா குவிஞ்சிருக்கும். நமக்கு வேண்டிய போட்டி எப்படின்னு தெரிய அடுத்த படிக்குத்தான் போகணும்.

6. முதல் பக்கத்தை உக்காந்து படிங்க

அதிக நேரம் இதுக்குத்தான் ஒதுக்கணும், ஒரு மணி நேரமாவது. நோட்டுல இருக்கிறதுல நல்லாத் தோணுற நாலு சொல்லை எடுத்து, ஒவ்வொண்ணா தேடி, முதல் பக்கத்துல வர்ற ஒவ்வொரு ரிசல்ட்டையும் பாருங்க. ரெண்டு கேள்விதான். தேடுறவருக்கு என்ன வேணும்னு கூகுள் நினைக்குது? அதை என்னால இப்ப இருக்கிறவங்களை விட நல்லாக் கொடுக்க முடியுமா? என்னோட நாலு சொல்லுல நடந்ததைச் சொல்றேன், அதுலயே விளங்கும்.

"மலைப்பூண்டு விலை". இதைத்தான் அதிகம் பேர் தேடுறாங்கன்னு தெரிஞ்சது, ஆசையாவும் இருந்துச்சு. ஆனா முதல் பக்கம் பூரா விக்கிற கடைங்க, கிலோவுக்கு இவ்வளவுன்னு போட்டு ஆர்டர் பட்டனோட. தேடுறவரு வாங்க வந்திருக்காரு, படிக்க வரல. அதோட பூண்டு விலை ஒரு இடத்துல நிக்காது, பெரியகுளம் பக்கத்துல வடுகபட்டிச் சந்தைக்கு எங்க பூண்டு போகுது, ஒரு வாரம் அங்க என்ன விலைன்னு அப்பா சொன்னா அடுத்த வாரம் அது இல்ல. நான் ஒரு நம்பர் எழுதி வச்சா சீக்கிரமே அது பொய்யாயிரும். கழிச்சாச்சு.

"மலைப்பூண்டு பயன்கள்". முதல் பக்கம் முழுக்க பெரிய பத்திரிகைங்க, பெரிய வீடியோ சேனல்ங்க. அதுவும் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயத்துல யாரு எழுதுறாங்கங்கிறதை கூகுள் ரொம்பவே பாக்கும், பாக்கவும் வேணும். பூண்டு போடத் தெரிஞ்ச எனக்கு, கொழுப்பு குறையுமா ரத்த அழுத்தம் குறையுமான்னு சொல்ற தகுதி இல்ல. கழிச்சாச்சு. புதுசா எழுதுறவங்ககிட்ட இதை மட்டும் கேட்டுக்கிறேன், உங்க முதல் போஸ்டை வைத்தியச் சொல்லுல ஆரம்பிக்காதீங்க.

"ஒரு பல் பூண்டு". இதுல ரொம்ப நேரம் யோசிச்சேன். தேடுறவங்க பலரும் இதுதான் மலைப்பூண்டுன்னு நினைக்கிறாங்க. எங்க காட்டுல விளையுறது பெரும்பாலும் பல பல்லு இருக்கிற பூண்டுதான், நடுவுல சிலது பிரியாம ஒத்தைப் பல்லா நின்னுரும், அதைத் தனியாப் பொறுக்குவோம். ஆக இது வேற கேள்வி, வேற பதில். இதை மெயின் சொல்லா எடுத்தா மலைப்பூண்டு தேடி வர்றவங்க ஏமாறுவாங்க. தனியா ஒரு போஸ்டுக்கு எடுத்து வச்சேன். ஒரே போஸ்ட்ல ரெண்டையும் திணிச்சா ரெண்டுக்குமே சரியான பக்கமா அது இருக்காது.

"ஒரிஜினல் கொடைக்கானல் மலைப்பூண்டு". பிளானர்ல இது கீழ்ப் படியில இருந்துச்சு. ஆனா முதல் பக்கத்தைப் பாத்தப்ப, ரெண்டு விக்கிற கடை, 2019ல கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்ச செய்தி மூணு நாலு, ஒரு வீடியோ. கையில எடுத்துப் பாத்து எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு போட்டோவோட சொன்ன பக்கம் ஒண்ணுகூட இல்ல. மதுரை அக்கா கேட்ட கேள்வி இதேதான், பதில் எங்க வீட்டுத் திண்ணையில கிடக்கு.

இன்னொரு சோதனையும் பண்ணிக்கோங்க, தலைப்புலயே இந்தச் சொல்லை வச்சிருக்கிறவங்க யாருன்னு பாக்க இப்படித் தட்டலாம்:

```
intitle:"மலைப்பூண்டு" ஒரிஜினல்
```

வர்ற பக்கங்களைப் பாருங்க. மேல ரிசல்ட் இத்தனைன்னு ஒரு எண்ணிக்கை காட்டுனா அதை நம்பிக் கணக்குப் போடாதீங்க, அது வெறும் மதிப்பீடு. அந்தப் பக்கங்க அந்தக் கேள்விக்கு உண்மையிலேயே பதில் சொல்லுதா, எப்ப எழுதுனது, அது மட்டும் போதும்.

சின்னப் படியில இருக்கிற சொல்லை எடுக்க மனசு வராது, தெரியும். மாசத்துக்கு ஆயிரம் பேர் தேடுற சொல்லுல அஞ்சாவது பக்கத்துல நின்னா ஒருத்தரும் வர மாட்டாங்க, அறுபது பேர் தேடுறதுல முதல் பக்கத்துல நின்னா அதுல சில பேராவது உள்ள வருவாங்க, அதுவும் சரியான ஆளுங்க.

7. மெயின் ஒண்ணு, துணை நாலு, மிச்சம் தனி நோட்டு

இப்ப நோட்டுல இருக்கிற எல்லாத்தையும் மூணு குவியலாப் பிரிங்க, பூண்டு தரம் பிரிக்கிற மாதிரி.

மெயின் கீவேர்ட் ஒண்ணே ஒண்ணு. எனக்கு "ஒரிஜினல் கொடைக்கானல் மலைப்பூண்டு".

துணைச் சொல் நாலோ அஞ்சோ. எடுக்கிறதுக்கு ஒரே விதி, மெயின் சொல்லைத் தேடி வந்தவரு அடுத்து இயல்பா கேக்குற கேள்வியா இருக்கணும். "மலைப்பூண்டு வடநாட்டுப் பூண்டு வித்தியாசம்", "கொடைக்கானல் பூண்டு புவிசார் குறியீடு", "மலைப்பூண்டு எங்க வாங்கலாம்", "மலைப்பூண்டு கெடாம வைக்கிறது எப்படி". முதல் மூணும் போஸ்டுக்குள்ள துணைத் தலைப்பா மாறும், அந்தந்த இடத்துல முழுப் பதில் சொல்லிரலாம், கடைசி ஒண்ணுக்கு மட்டும் சுருக்கமா ஒரு பாரா. விலையைத் துணைச் சொல்லாக்கூட எடுக்கல, "விலை வாரத்துக்கு வாரம் மாறும், சந்தையில கேட்டுக்கோங்க"ன்னு ஒரு வரி போதும்.

கெடாம வைக்கிறதைப் பத்தி ரொம்ப யோசிச்சேன், அது தனி போஸ்டா இதோட சேக்கணுமான்னு. தேடிப் பாத்தேன், ரெண்டு சொல்லுக்கும் முதல் பக்கத்துல வந்தது முழுக்க வேற வேற பக்கங்க. அப்படி வந்தா அது வேற போஸ்டு, ரெண்டு சொல்லுக்கும் பெரும்பாலும் அதே பக்கங்களே வந்தா ஒரே போஸ்ட்ல சேத்துரலாம். இது நல்ல அளவுகோல், சந்தேகம் வர்றப்பல்லாம் இதையே பண்ணுங்க. அதனால இங்க ஒரு பாராவுல "கழுவாதீங்க, பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காதீங்க, காத்தாடத் தொங்க விடுங்க"ன்னு சொல்லிட்டு, விரிவா எழுதறதைத் தள்ளி வச்சேன்.

மூணாவது குவியல், மத்ததெல்லாம். தூக்கிப் போடாதீங்க, பக்கத்துல தேதி போட்டு வைங்க. பின்னாடி ஒரு போஸ்ட் எழுதும்போது, அதோட மெயின் சொல்லு ஏற்கனவே எழுதுன போஸ்ட்டோட மெயின் சொல்லா இல்லையான்னு இந்த நோட்டைப் பாத்துத்தான் சரிபாக்கணும். ஒரே சொல்லுக்கு நம்மளோட ரெண்டு போஸ்ட் நின்னா எதைக் காட்டுறதுன்னு கூகுளுக்கே குழப்பம், ரெண்டும் மாறி மாறி மேல கீழ போகும்.

பழைய வீடியோ பாத்துட்டு "மெட்டா கீவேர்ட்ஸ்"னு ஒரு பெட்டியில இந்தச் சொல்லையெல்லாம் கமா போட்டு நிரப்பச் சொல்லுவாங்க. கூகுள் ரேங்குக்கு அதை எடுத்துக்கிறதே இல்லன்னு 2009லயே அவங்க சொல்லியாச்சு. அதுக்கு ஒரு நிமிஷம்கூடச் செலவழிக்காதீங்க. அதே மாதிரி ஒரு பாராவுல ஆறு தடவை மெயின் சொல்லைத் திணிக்கிறதும் வேண்டாம், சத்தமாப் படிச்சுப் பாருங்க, எங்க நாக்கு தடுக்குதோ அங்க எடுத்துருங்க.

8. இப்பத்தான் தலைப்பு

இவ்வளவு வேலை முடிஞ்சிருந்தா தலைப்புக்குக் கால் மணி நேரம் போதும். நோட்டுல மூணு எழுதுங்க. நான் எழுதுனது:

முதல்ல, "கொடைக்கானல் ஸ்பெஷல்: எல்லாரும் தெரிஞ்சிக்க வேண்டிய மலைப்பூண்டு ரகசியம்". மெயின் சொல்லு பின்னாடி போயிருச்சு, உள்ள என்ன இருக்குன்னும் தெரியல. ரகசியம்னு ஒண்ணும் நான் சொல்லப் போறதும் இல்ல.

ரெண்டாவது, "மலைப்பூண்டு, மலை பூண்டு, கொடைக்கானல் பூண்டு: விலை, பயன்கள், வித்தியாசம்". எல்லாச் சொல்லும் இருக்கு, ஆனா கடை போர்டு மாதிரி இருக்கு. விலையும் பயனும் உள்ள இல்லவே இல்ல, வந்தவங்க உடனே திரும்பிருவாங்க.

மூணாவது, "ஒரிஜினல் கொடைக்கானல் மலைப்பூண்டு கண்டுபிடிப்பது எப்படி? வாங்கும்போது பாக்க வேண்டியது". இதைத்தான் வச்சேன். மெயின் சொல்லு முன்னாடியே வந்துருச்சு, கேள்வியும் அக்கா கேட்ட கேள்வியே.

முன்னாடி வைக்கச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. சர்ச் ரிசல்ட்ல தலைப்புக்கு இத்தனை எழுத்துன்னு கணக்கு இல்ல, இடத்தோட அகலம்தான் கணக்கு, அதுக்கு மேல போனா வெட்டி மூணு புள்ளி வச்சிரும். தமிழ் எழுத்து இங்கிலீஷை விட அகலம், ஞ, ணை, ண்டு இதெல்லாம் நிறைய இடம் பிடிக்கும். இங்கிலீஷ்காரங்க சொல்ற 60 எழுத்துக் கணக்கை நம்பி நீட்டுனா பாதியில வெட்டுப்படும், அதனால முக்கியமானது முதல் மூணு நாலு சொல்லுக்குள்ள வந்துரணும். சில நேரம் கூகுள் நம்ம தலைப்பை மாத்தி உள்ள இருக்கிற துணைத் தலைப்பைக் காட்டும், அதைத் தடுக்க முடியாது, தலைப்பும் உள்ள இருக்கிறதும் ஒத்துப் போனா அது குறையும்.

பப்ளிஷ் அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை, போஸ்ட்டோட முகவரி. ப்ளாகர்ல எழுதுறவங்க தமிழ்த் தலைப்பு வச்சு அப்படியே விட்டா அது `blog-post_14.html` மாதிரி எதையோ போட்டுரும், வேற தளங்கள்ல தமிழ் எழுத்தே முகவரியா வந்தா, காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல போடும்போது நீளமா சதவீதக் குறியா மாறிரும். வலது பக்கம் `Permalink`ல `Custom Permalink` எடுத்து இங்கிலீஷ் எழுத்துல நீங்களே எழுதுங்க, அந்த இங்கிலீஷ் எழுத்துச் சொல்லுக்கு இதுதான் சரியான இடம்:

```
original-kodaikanal-malai-poondu
```

பப்ளிஷ் பண்ணி லிங்கை எல்லாருக்கும் அனுப்புனப்புறம் இதை மாத்துனா பழைய லிங்க் செத்துரும், அதனால முன்னாடியே முடிச்சிருங்க.

9. ரெண்டு மாசம் கழிச்சு நோட்டை மறுபடி எடுங்க

சர்ச் கன்சோல்னு கூகுளோட இலவச டூல் ஒண்ணு இருக்கு, அதுல உங்க ப்ளாகை முதல் நாளே சேத்துருங்க, சேத்த நாள்ல இருந்துதான் டேட்டா சேரும். ஆனா முதல் சில வாரம் திறந்து பாத்துட்டே இருக்காதீங்க, புது ப்ளாகுக்கு ஒண்ணும் இருக்காது, மனசுதான் சோந்துரும். எட்டு வாரம் கழிச்சு பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல அந்த ஒரு போஸ்ட்டை மட்டும் வடிகட்டி `Queries` பாருங்க, எந்தெந்தச் சொல்லைத் தேடுனவங்களுக்கு உங்க பக்கம் காட்டப்பட்டுச்சுன்னு இருக்கும். இதுதான் உங்களோட சொந்த கீவேர்ட் லிஸ்ட், காசு கொடுத்து வாங்குன எதை விடவும் நம்பலாம்.

எனக்கு அதுல நான் யோசிக்கவே யோசிக்காத ஒண்ணு வந்துச்சு, "மலைப்பூண்டு தோல் கலர்". நிறைய தடவை காட்டியிருக்கு, ஒருத்தரும் கிளிக் பண்ணல, ஏன்னா நான் வெள்ளையும் இருக்கும் லேசான மஞ்சளும் இருக்கும்னு ஒரே வரியில கடந்து போயிருந்தேன். வடநாட்டுப் பூண்டையும் எங்களோடதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வெயில்ல போட்டோ எடுத்து, "தோல் நிறம்"னு ஒரு துணைத் தலைப்பு சேத்துருக்கேன். தலைப்பையும் முகவரியையும் தொடல. அடுத்த எட்டு வாரம் எப்ப முடியும்னு நோட்டு அட்டையில தேதி எழுதி வச்சாச்சு.